முதல் சந்திப்பில் கை கொடுப்பதா, கும்பிடுவதா, எவ்வளவு தள்ளி நிற்பது? வெளிநாட்டில் இருந்து துணி வாங்க வரும் பையரை வரவேற்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் புதிதாக மெர்ச்சண்டைசராகச் சேர்ந்திருக்கிறேன். ஜெர்மனியில் இருந்து ஒரு பெண் அதிகாரியும் அவருடன் இரண்டு பேரும் வருகிறார்கள். வாசலில் முதலில் யார் கை நீட்ட வேண்டும்?

உங்கள் முதலாளி. ஜெர்மன் வழக்கப்படி வேலை இடத்தில் பதவியில் பெரியவர்தான் முதலில் கை நீட்டுவார். வயதும் ஆண் பெண் என்பதும் அங்கே கணக்கில் வராது. ஆனால் விருந்தாளி வந்திருக்கும் இடத்தில், வரவேற்பவர் முதலில் நீட்டுவதுதான் மரியாதை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் முதலாளி முதலில், அந்த அம்மாவை நோக்கி. அதன் பிறகு அந்த அம்மா உங்கள் பக்கம் திரும்பிக் கை நீட்டுவார், நீங்கள் கொடுக்கலாம். நீங்களாக முந்திக்கொண்டு நீட்டினால் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் அரை வினாடி பொறுப்பது நல்லது.

நம் ஆட்கள் வழக்கமாகக் கோட்டை விடுவது வேறு இடத்தில். அந்த அம்மாவுக்குக் கை கொடுத்துவிட்டு, பேசிக்கொண்டே உள்ளே அழைத்துப் போய்விடுவார்கள். கூட வந்த இரண்டு பேரில் ஒருவர் இருபத்தைந்து வயதுப் பையனாக இருப்பார், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஜெர்மனியில் ஒரு அறைக்குள் போனால் அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, கண்ணைப் பார்த்து, பெயரைச் சொல்வார்கள். ஒருவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போவது அவர்களுக்கு உறுத்தும். அந்தப் பையன்தான் நாளைக்கு உங்கள் சாம்பிளை அளந்து குறை எழுதப் போகிறவர் என்பது தனிக் கதை.

கை கொடுக்கும் விதம்: உள்ளங்கை முழுதாகப் பதிய வேண்டும், இரண்டு மூன்று குலுக்கு, விட்டுவிட வேண்டும். பெண் என்பதால் நுனி விரலை மட்டும் தொட்டு எடுப்பது நமக்கு அடக்கம். அவருக்கு அது தன்னைச் சமமாக மதிக்கவில்லை என்று படலாம். பெரியவர்களிடம் தலையைக் குனிந்து தரையைப் பார்ப்பதும் அப்படித்தான். இங்கே அது பணிவு. அங்கே எதையோ மறைக்கிறார் போல என்று நினைக்க வாய்ப்பு உண்டு.

நான் பக்கத்தில் போய்ப் பேசப் பேச பையர் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறார். எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும்?

அளவு கேட்டால் எல்லோரும் சொல்வது எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியல் அறிஞர் 1966-ல் வெளியிட்ட கணக்குதான். உடலில் இருந்து 45 செ.மீ. வரை மிக நெருங்கியவர்களுக்கான இடம், அங்கிருந்து 1.2 மீட்டர் வரை தெரிந்தவர்களுக்கு, 1.2 முதல் 3.6 மீட்டர் வரை வேலை விஷயமாகப் பேசுபவர்களுக்கு. இதை எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி போலப் பல பயிற்சி வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் ஹால் பார்த்தது பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோரத்து நடுத்தர வர்க்கத்தினரை. அவரே அதைச் சொல்லியும் இருக்கிறார்.

பிறகு 2017-ல் 42 நாடுகளில் கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு உருவங்கள் வரைந்த தாளைக் கொடுத்து, எதிரில் இருப்பவர் எவ்வளவு பக்கம் வரலாம் என்று குறிக்கச் சொன்னார்கள். அறிமுகம் இல்லாதவரிடம் அர்ஜென்டினாக்காரர்கள் குறித்தது 76 செ.மீ. அளவில், ருமேனியர்கள் குறித்தது 1.4 மீட்டர் அளவில். எனக்குப் பிடித்த தகவல் சவூதி பற்றியது. அரபு நாட்டவர் மூக்கோடு மூக்கு ஒட்டி நின்று பேசுவார்கள் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த ஆய்விலோ அர்ஜென்டினாக்காரர் முன்பின் தெரியாதவருக்குக் கொடுத்த இடைவெளியைவிட, சவூதிக்காரர் நெருங்கிய நண்பருக்குக் கொடுத்தது அதிகம். தாளில் குறிப்பது வேறு, நேரில் நிற்பது வேறு என்பது உண்மைதான். ஆனாலும் 'அவர்கள் இப்படி' என்று நாட்டுக்கு ஒரு அளவை மனப்பாடம் செய்வதில் பயன் குறைவு என்று இதில் இருந்தே தெரிகிறது. ஆண்களைவிடப் பெண்களும், இளையவர்களைவிட வயதானவர்களும் கூடுதல் இடைவெளி கேட்டார்கள் என்பதும் அதே ஆய்வில் உண்டு.

ஆகவே உங்கள் அளவுகோல் எதிரில் இருப்பவர்தான். கை கொடுத்து முடித்ததும் அசையாமல் நில்லுங்கள். அவர் அரை அடி பின்னால் போவார் அல்லது அப்படியே நிற்பார் அல்லது முன்னால் வருவார். அவர் எங்கே நிலைகொள்கிறாரோ அதுதான் அவருக்குச் சரியான தூரம், அந்த இடைவெளியை நீங்கள் நிரப்பாமல் இருந்தால் போதும். நாம்தான் பேச்சு சூடு பிடிக்கப் பிடிக்க நம்மை அறியாமல் ஓர் அடி எடுத்து வைத்துவிடுகிறோம். அவர் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்புவது, கையில் இருக்கும் ஃபைலையோ சாம்பிள் துணியையோ நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொள்வது, ஒரு கால் பாதம் வாசல் பக்கம் திரும்புவது, இதெல்லாம் பின்னால் போக இடம் இல்லாதவர் செய்வது. சாம்பிள் ரூமில் அலமாரிக்கும் மேசைக்கும் நடுவில் பையரை நிறுத்திவிட்டு நாம் இந்தப் பக்கம் மூன்று பேர் நின்றால் இது கட்டாயம் நடக்கும். மேசையின் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்று துணியை நடுவில் விரித்தால் இந்தப் பிரச்சினையே வராது.

நிட்டிங் யூனிட்டுக்குள் இந்தக் கணக்கு செல்லாது. மெஷின் சத்தத்தில் யாராக இருந்தாலும் காதுப் பக்கம் குனிந்துதான் பேச வேண்டும், அதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. வெளியே வந்த பிறகும் அதே தூரத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பதுதான் சிக்கல்.

துபாய் பையர் கை கொடுத்துவிட்டு விடவே இல்லை. பேசி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

நல்ல அர்த்தம்தான். வளைகுடா நாடுகளில் ஆண்களுக்குள் கைகுலுக்கல் மெதுவாக, மென்மையாக, நீளமாக இருக்கும். குடும்பம் நலமா, பயணம் எப்படி என்று விசாரிப்பு முடியும்வரை கை அங்கேயே இருக்கும். நீங்கள் பாதியில் உருவிக்கொண்டால்தான் அது சேதி. அவர் விடும்வரை கையை எடுக்காதீர்கள். பிடி தளர்வாக இருக்கிறதே, அக்கறை இல்லையோ என்று நினைக்க வேண்டாம். இறுக்கிப் பிடிப்பது அங்கே முரட்டுத்தனம்.

2005 ஏப்ரலில் சவூதி பட்டத்து இளவரசர் அப்துல்லா டெக்சாஸில் ஜார்ஜ் புஷ்ஷின் பண்ணைக்குப் போனபோது இருவரும் கை கோத்து நடந்த படம் வெளிவந்தது. அமெரிக்காவில் அதை வைத்துப் பல நாள் கேலி நடந்தது. நம் ஊரில் டீக்கடையில் இருந்து பஸ் ஸ்டாண்டு வரை சிநேகிதன் கையைப் பிடித்தபடி நடக்கும் ஆண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றே புரிந்திருக்காது.

அறைக்குள் பலர் இருந்தால் எல்லோருக்கும் கை கொடுங்கள், வயதில் மூத்தவரிடம் தொடங்குவது நல்லது. வலது கை மட்டும். மூக்கோடு மூக்கு தொடுவது எமிரேட்ஸ், ஓமான் பக்கத்தில் உண்டு, ஆனால் அது அவர்களுக்குள். உங்களிடம் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள், நீங்களாக முயலவும் வேண்டாம். அங்கிருந்து ஒரு பெண் வந்தால், அவர் கை நீட்டினால் மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தலை அசைத்தால் போதும்.

நான் பெண். ஆண்களுக்குக் கை கொடுப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. வணக்கம் சொன்னால் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்களா?

எப்போது சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எதிராளியின் கை மேலே வருவதற்கு முன்பே, ஆறேழு அடி தூரத்தில் இருக்கும்போதே கும்பிட்டுவிட்டால் அது வரவேற்பு. அவர் கை நீட்டிய பிறகு கும்பிட்டால் அது மறுப்பு. செய்கை ஒன்றுதான், இடையில் இருப்பது ஒரு வினாடி.

எனவே வண்டி வந்து நின்றதும் ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் நிற்காதீர்கள். இரண்டடி முன்னால் வந்து, அவர் உங்களைப் பார்க்கும் அந்த நொடியில் கையைக் குவித்து, "வணக்கம், வெல்கம்" என்று உங்கள் பெயரையும் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவர் பலரும் இதை எதிர்பார்த்துத்தான் இந்தியாவுக்கு வருகிறார்கள். சிரித்துக்கொண்டு தாங்களும் கும்பிடுவார்கள், கை நீட்டும் பேச்சே வராது. உங்கள் முதலாளி கை கொடுக்கிறார், நீங்கள் கும்பிடுகிறீர்கள் என்றாலும் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

பிந்திவிட்டீர்கள், கை நீண்டுவிட்டது, என்ன செய்வது? பின்னால் நகராதீர்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டவும் வேண்டாம். வலது கையை நெஞ்சில் வைத்து, கண்ணைப் பார்த்து, சிரித்து, "நான் கை கொடுப்பதில்லை, ஆனால் உங்களைச் சந்தித்ததில் ரொம்ப சந்தோஷம்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லுங்கள். அந்த ஒரு வரி முக்கியம். அது இல்லாவிட்டால் அவர் கை அந்தரத்தில் நிற்பதற்கு அவரே ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார்.

இது சின்ன விஷயம் இல்லை என்பதற்கு ஸ்வீடனில் நடந்த ஒரு வழக்கு உண்டு. உப்சாலா நகரில் ஒரு முஸ்லிம் பெண் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். அங்கே ஓர் ஆண் அதிகாரி கை நீட்டியபோது நெஞ்சில் கை வைத்துக் காரணத்தைச் சொன்னார். தேர்வு அத்தோடு முடிந்தது. விஷயம் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய், 2018-ல் அவருக்கு 40,000 குரோனர் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. தன் மத நம்பிக்கையால் அவர் கைகுலுக்க மறுப்பதைச் சட்டம் காக்கும் என்பது நீதிமன்றத்தின் நிலை. நீதிபதிகள் எல்லோரும் ஒரே கருத்தில் இல்லை, மூன்றுக்கு இரண்டு. அதே ஆண்டின் இறுதியில் பக்கத்து நாடான டென்மார்க்கில் நேர் எதிராக, குடியுரிமை பெறும் விழாவில் அதிகாரிக்குக் கை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. வடக்கு ஐரோப்பாவில் கைகுலுக்கல் வெறும் வரவேற்பு இல்லை, ஆணும் பெண்ணும் சமம் என்பதன் அடையாளமாகவும் பலர் அதைப் பார்க்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு சூடு.

இதில் இருந்து நமக்கு ஒரு நடைமுறை விஷயம் உண்டு. ஆண்களுக்குக் கை கொடுப்பதில்லை என்றால், அந்தக் குழுவில் உள்ள பெண்களுக்கு மட்டும் கொடுத்து ஆண்களைக் கும்பிடுவதைவிட, எல்லோரையும் ஒரே மாதிரி கும்பிடுவது சங்கடம் இல்லாதது. ஆளுக்கொரு மாதிரி செய்யும்போதுதான் விடுபட்டவருக்கு உறுத்தும்.

தாய்லாந்துக்காரர்களும் நம்மைப் போலத்தானே கும்பிடுகிறார்கள்? அப்படியே திருப்பிக் கும்பிட்டால் போதுமா?

பார்க்க ஒன்று போல இருந்தாலும் அதன் கணக்கு வேறு. அவர்கள் மொழியில் அதன் பெயர் 'வாய்'. நம் வணக்கத்தில் யார் முந்தினாலும் சரி, கையை நெஞ்சுக்கு நேராக வைத்தால் யாருக்கும் பொருந்தும். தாய்லாந்து முறையிலோ சிறியவர்தான் முதலில் கும்பிட வேண்டும், கையின் உயரம் ஆளைப் பொறுத்து ஏறும். சமமானவர்களுக்கு நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவில், பெற்றோர் ஆசிரியர் பெரியவர்களுக்கு கட்டை விரல் மூக்கைத் தொடும் அளவில், பிக்குகளுக்குக் கட்டை விரல் புருவ மத்தியில். உயரம் கூடக் கூடத் தலையும் குனியும்.

நீங்கள் விற்பவர், அவர் வாங்குபவர், வயதிலும் பெரியவர் என்றால் நீங்கள் முந்திக்கொள்வது பொருத்தம். கை தாடை உயரத்தில் இருந்தால் போதும். பாங்காக் போனால் ஓட்டல் ஊழியர்கள் கும்பிடுவார்கள். நாம் பழக்க தோஷத்தில் அதைவிட உயரமாகக் கையைத் தூக்கித் திருப்பிக் கும்பிடுவோம், அவர்கள் நெளிவார்கள். அங்கே ஒரு சிரிப்பும் தலையசைப்பும் போதும். சின்னப் பிள்ளைகளுக்கும் அப்படியே. பிக்குவைக் கும்பிட்டால் அவர் திருப்பிக் கும்பிட மாட்டார், அது அலட்சியம் அல்ல. பெண்கள் அவரைத் தொடுவதோ கையில் நேரடியாக எதையும் கொடுப்பதோ கூடாது. இன்னொன்று, குழந்தையின் தலையைத் தடவிக் கொடுப்பது நமக்குப் பாசம். அங்கே தலை தொடக் கூடாத இடம்.

ஜப்பான்காரர் குனிகிறார், கையும் நீட்டுகிறார். இரண்டையும் ஒன்றாகச் செய்வதா?

வேண்டாம், தலை முட்டிக்கொள்ளும். கை கொடுத்து முடித்த பிறகு லேசாகக் குனியுங்கள். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடுத்து, இரண்டு கையாலும் வாங்கி, ஒரு முறை படித்துவிட்டு மேசையில் வையுங்கள். பின் பாக்கெட்டில் செருகாதீர்கள்.

எங்கள் கம்பெனியில் பையர் வந்தால் மாலை போட்டு, பொட்டு வைத்து, ஆரத்தி எடுப்போம். வெளிநாட்டவர்களுக்கு இது பிடிக்குமா?

ஆரத்தி பிடிக்கும், போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சிக்கல் பொட்டில் இருக்கிறது, யாரும் அதை யோசிப்பதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் ஒரு அடி தூரத்துக்கு வந்து, விரலால் நெற்றியைத் தொட்டு, ஒரு கையால் தலைக்குப் பின்னால் பிடித்துக் குங்குமம் வைக்கிறார். சற்று முன் சொன்ன 45 செ.மீ. வட்டத்துக்குள் வந்து முகத்தையே தொட்டாயிற்று, அதுவும் கை கொடுப்பதற்கு முன்பே. பத்து மணி நேர விமானத்தில் வந்து இறங்கியவர் சிரித்துக்கொண்டுதான் நிற்பார். தோள் காதுப் பக்கம் ஏறுவதையும் கழுத்து பின்னால் போவதையும் பாருங்கள். முகம் சிரித்தாலும் தோள் உண்மையைச் சொல்லிவிடும். மத ரீதியாகப் பொட்டு வைத்துக்கொள்ள விரும்பாதவர்களும் வருவார்கள், வாசலில் எல்லோர் முன்னிலும் மறுக்கச் சொல்லி அவர்களை நிறுத்துவது நியாயம் இல்லை.

வரிசையை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். முதலில் முதலாளி கும்பிட்டோ கை கொடுத்தோ அறிமுகம் முடியட்டும். அப்புறம் தட்டோடு நிற்பவர் ஒரு கை தூரத்தில் நின்று தட்டை நீட்டி, பொட்டு வைக்கலாமா என்று கேட்கட்டும். விருப்பம் உள்ளவர் தானாக நெற்றியைக் காட்டிக் குனிவார், அல்லது தானே தொட்டு வைத்துக்கொள்வார். வேண்டாதவர் கும்பிட்டுவிட்டு நகர வழி இருக்கும். மாலையைக் கழுத்தில் போடாமல் இரண்டு கையாலும் நீட்டுங்கள். சால்வையும் அப்படியே, அவர் தலையைக் குனிந்தால் போர்த்துங்கள். பெண் பையருக்குச் சால்வை போர்த்துவதை ஒரு பெண் செய்வது நல்லது.

குரூப் போட்டோ எடுக்கும்போது தோளில் கை போடுவதும் இதே கதை. நம் செக்கிங் பகுதி அக்காக்கள் பாசத்தில் பையரின் கையைப் பிடித்துக்கொள்வார்கள், சில சமயம் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பார்கள். சத்தம் கேட்டு பையர் திடுக்கிட்டால், கண்ணேறு கழிக்கிறார்கள், நல்லது நினைத்துச் செய்வது என்று பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்லிவிட்டால் போதும். சொன்ன பிறகு அதை ரசிக்காதவர் குறைவு. ஆண்கள் இந்த உரிமையை எடுத்துக்கொள்ளக் கூடாது. படியில் ஏறும்போது முழங்கையைப் பிடித்து வழிகாட்டுவதும் வேண்டாம், கையால் திசை காட்டிவிட்டு முன்னால் நடங்கள்.

கொரோனாவுக்குப் பிறகு கை கொடுப்பதே போய்விட்டதா? முஷ்டியை முட்டுவதா, முழங்கையா?

2020 மார்ச்சில் ஜெர்மன் பிரதமர் மெர்க்கல் கை நீட்ட, அவருடைய உள்துறை அமைச்சர் சிரித்துக்கொண்டே கொடுக்க மறுத்தார். மெர்க்கலும் கையைத் தூக்கிச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அதே மாதம் இளவரசர் சார்லஸ் லண்டனில் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டு, பாதியில் இழுத்துக்கொண்டு கும்பிட்ட காட்சியும் பரவியது. அந்தக் காலம் போய்விட்டது, வேலை இடங்களில் கைகுலுக்கல் திரும்பிவிட்டது. ஆனால் கொடுக்காமல் இருப்பதற்கு இப்போது விளக்கம் தேவைப்படுவதில்லை. சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிக் கும்பிட்டால் நன்றி சொல்வார்கள். முழங்கை முட்டுவது வேடிக்கையாகிவிட்டது, விட்டுவிடலாம்.

கிளம்பும்போது மறுபடியும் கை கொடுக்க வேண்டுமா?

ஜெர்மன் குழு என்றால் ஆமாம், வந்தபோது கொடுத்த எல்லோருக்கும். காரில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக நீட்டுவதைவிட, கதவைத் திறப்பதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். காலையில் நீங்கள் கும்பிட்டு வரவேற்றிருந்தால் கும்பிட்டே அனுப்பலாம். நாள் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து பேசிய பிறகு சிலர் தாங்களாக அணைத்து விடைபெற வருவார்கள். அது வேண்டாம் என்றால் அவர் இரண்டு கையையும் விரிப்பதற்கு முன்பே வலது கையை நீட்டிவிடுங்கள், அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்.